கேள்வி-பதில்: வட்டி மரத்தில் சீரோ கூப்பன் பத்திரத்தின் விலை

இம்முறை வந்த கடிதங்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே கணக்கைச் சுற்றியிருப்பதால், எல்லாப் பதில்களுக்கும் ஒரே மரத்தை எடுத்துக்கொள்கிறேன். இன்றைய ஓராண்டு வட்டி 5 சதவீதம். ஓராண்டு கழித்து அது 6 ஆகவோ 4 ஆகவோ இருக்கும். ஈராண்டு கழித்து 7, 5, 3 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். மேலே செல்லும் நிகழ்தகவு q எல்லாக் கணுக்களிலும் ½. பத்திரத்தின் முக மதிப்பு 100, முதிர்வு மூன்று ஆண்டு.

கேள்வி: கணக்கை எந்த முனையிலிருந்து தொடங்குவது? ஒரு முறை முழுமையாகச் செய்து காட்டுவீர்களா?

முதிர்வு நாளிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் பத்திரத்தின் மதிப்பு ஐயமின்றித் தெரிந்த நாள் அது ஒன்றுதான். வட்டி எங்கே போயிருந்தாலும் அன்று கிடைப்பது 100. அங்கிருந்து ஒவ்வொரு கணுவாகப் பின்னோக்கி வரும்போது பயன்படுவது கீழுள்ள ஒரே விதி. இதில் B என்பது பத்திரத்தின் மதிப்பு, r என்பது கணுவின் வட்டி, i என்பது கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை, j என்பது அதுவரை வட்டி மேலே சென்ற முறைகளின் எண்ணிக்கை:

```
B(i,j) = [ q·B(i+1,j+1) + (1−q)·B(i+1,j) ] / ( 1 + r(i,j) )
```

ஈராண்டு முடிவில் 100-ஐ முறையே 1.07, 1.05, 1.03 ஆகியவற்றால் வகுத்தால் 93.46, 95.24, 97.09 கிடைக்கும். ஓராண்டு முடிவில், மேல் கணுவில் முதல் இரண்டின் சராசரியை 1.06-ஆல் வகுக்க 89.01, கீழ்க் கணுவில் பின் இரண்டின் சராசரியை 1.04-ஆல் வகுக்க 92.46. இவ்விரண்டின் சராசரியை 1.05-ஆல் வகுத்தால் இன்றைய விலை 86.42. வகுக்கும் வட்டி எப்போதும் நீங்கள் நிற்கும் கணுவின் வட்டி. அது அடுத்து வரும் ஓராண்டுக்கு உரியது. இதை மறந்தவர் எழுதியதே அடுத்த கடிதம்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு முடிவுக்கு 8, 6, 4, 2 என்ற வட்டிகளையும் சேர்த்துக் கணக்கிட்டேன். எனக்கு 86.46 வந்தது. தசமப் பிழைதானே?

இல்லை. ஒவ்வொரு மதிப்பையும் அது போய்ச் சேரும் கணுவின் வட்டியால் வகுத்திருக்கிறீர்கள். அதனால் இன்றைய 5 சதவீதம் உங்கள் கணக்கில் எங்குமே இடம்பெறவில்லை, தேவையே இல்லாத மூன்றாம் ஆண்டு முடிவின் வட்டிகள் உள்ளே வந்துவிட்டன. மூன்றாண்டுப் பத்திரத்துக்கு வேண்டியவை மூன்று நாட்களின் வட்டிகள் மட்டுமே. இந்த மரத்தின் சராசரி வட்டி எல்லா ஆண்டுகளிலும் 5 ஆகவே இருப்பதால்தான் பிழை இவ்வளவு சிறியதாகத் தெரிகிறது. வட்டி ஏறிச் செல்லும் மரமாக இருந்தால் விலை வெகுதூரம் விலகியிருக்கும்.

இப்பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதே மரத்தில் ஓராண்டுப் பத்திரத்தின் விலையைக் கணக்கிட்டு, பிறகு q-வை 0.9 என்று மாற்றிப் பாருங்கள். விலை இரண்டு முறையும் 100/1.05, அதாவது 95.24 ஆகவே நிற்க வேண்டும், ஏனெனில் முதல் ஆண்டின் வட்டி இன்றே தெரியும். உங்கள் முறையில் அது 95.25-லிருந்து 94.52-க்கு இறங்கும். மரம் கட்டியவுடன் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே.

கேள்வி: சராசரி வட்டி 5 என்றால் 100-ஐ 1.05-ஆல் மூன்று முறை வகுத்தால் போதாதா?

போதாது. அப்படிச் செய்தால் 86.38 வரும், மரம் தருவது 86.42. வட்டி குறையும்போது விலை ஏறும் அளவு, வட்டி அதே அளவு கூடும்போது விலை இறங்கும் அளவைவிடச் சற்று அதிகம் என்பதால், வட்டிகளைச் சராசரி செய்துவிட்டு விலை காண்பதும் விலைகளைச் சராசரி செய்வதும் ஒன்றாகா. மரத்தின் கிளைகள் அகல அகல, முதிர்வு நீள நீள, இவ்வேறுபாடு வளரும்.

கேள்வி: கடந்த காலத் தரவில் பத்துக்கு ஏழு முறை வட்டி ஏறியிருக்கிறது. எனவே q = 0.7 என்று வைத்தேன். விலை 85.43. சரியா?

சரியல்ல. இந்தக் கேள்வி வெவ்வேறு உருவில் ஓயாமல் வருவதால் விரிவாகவே சொல்கிறேன். q என்பது வட்டி ஏறுமா என்பது பற்றிய உங்கள் கணிப்பு அன்று. சந்தையில் இன்று நிலவும் விலைகளோடு மரம் முரண்படாதிருக்கத் தேவையான எடை. அதனால்தான் அதை இடர்-நடுநிலை நிகழ்தகவு என்கிறோம்.

சந்தையில் ஈராண்டுப் பத்திரம் 90.71-க்கு விற்கிறது என்று கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து அதன் விலை, மேல் கணுவில் 94.34, கீழ்க் கணுவில் 96.15. இவ்விரண்டையும் எந்த எடையில் கூட்டி 1.05-ஆல் வகுத்தால் 90.71 வரும் என்று பார்த்தால், q = ½ என்பதே விடை. உங்கள் 0.7 அதே பத்திரத்துக்கு 90.37 என்று விலை சொல்கிறது. கண்ணெதிரே உள்ள சந்தை விலையையே சொல்லத் தெரியாத மரத்தை வைத்து மூன்றாண்டுப் பத்திரத்துக்கு விலை சொல்வதில் பொருளில்லை.

மூன்றாண்டுப் பத்திரத்தையும் பாருங்கள். ஓராண்டு கழித்து அதன் மதிப்பு 89.01 அல்லது 92.46 என்று ஏற்றுக்கொண்டால், ஈராண்டுப் பத்திரத்தில் சுமார் 1.905 அளவு வாங்கி, 5 சதவீத வட்டியில் சுமார் 86.42 கடன் பெற்று, இரு கணுக்களிலும் அதே தொகையை நாமே உருவாக்கிவிடலாம். பத்திரங்களுக்குச் செலவு ஏறக்குறைய 172.83, கடனைக் கழித்தால் கைப்பணம் 86.41 சொச்சம், அதாவது பின்னோக்கிய கணக்கு தந்த அதே விலை. இந்தக் கணக்கில் வட்டி ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கவே இல்லை. 85.43-க்கு நீங்கள் விற்க முன்வந்தால், எதிரே இருப்பவர் உங்களிடம் வாங்கிக்கொண்டு இந்த இணைத் தொகுப்பை விற்று, இடரே இல்லாமல் ஏறக்குறைய ஒரு அலகு லாபம் எடுப்பார்.

ஆகவே நடைமுறையில் q-வை ½ என்று நிறுத்திவிட்டு, மரத்தின் வட்டிகளையே சந்தை விலைகளுக்குப் பொருத்துவார்கள். 1986-இல் வந்த ஹோ-லீ மாதிரியும் 1990-இல் வந்த பிளாக்-டெர்மன்-டாய் மாதிரியும் தொடக்க விலைகளை அப்படியே திருப்பித் தரும்படி அமைக்கப்பட்டவை. நம் மரத்தில், சந்தையில் மூன்றாண்டு விலை 86.00 என்றிருந்தால், ஈராண்டு முடிவின் மூன்று வட்டிகளையும் அரை சதவீதம் உயர்த்தி 7.5, 5.5, 3.5 என்று வைத்தால் 86.01 வரும், மேலும் சிறிதளவு கூட்டினால் பொருந்திவிடும். ஓராண்டு, ஈராண்டு விலைகள் இதனால் மாறா என்பதால், ஒவ்வொரு நாளாக முன்னோக்கிப் பொருத்திக்கொண்டே போகலாம். கடந்த காலத் தரவுக்கும் இடம் உண்டு: வட்டியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு அகலமானது என்று மதிப்பிட அதைப் பயன்படுத்துங்கள், q என்னவென்று அதனிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: அரையாண்டுப் படிகளாக மாற்றியதும் விலை 75-க்கும் கீழே போய்விட்டது.

ஆண்டு வட்டியை அரையாண்டுக்கும் முழுதாக விதித்திருக்கிறீர்கள். படிக்கு 1.05 அன்று, அரையாண்டுக் கூட்டு முறையென்றால் 1.025. மரத்தில் எழுதியுள்ள வட்டி எந்தக் காலத்துக்கு, எந்தக் கூட்டு முறையில் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: மரத்தை நீட்டினால் அடிக்கிளையில் வட்டி எதிர்மறையாகி, விலை 100-ஐத் தாண்டுகிறது. நிரலில் பிழையா?

நிரலில் அன்று, மாதிரியின் இயல்பில். இவ்வாறு சம அளவு கூட்டிக் கழிக்கும் மரத்தில் ஆறாம் ஆண்டு முடிவில் அடிக்கணு −1 சதவீதத்துக்கு வந்துவிடும். அங்கே அடுத்த ஓராண்டுக்கான விலை 101.01 என்பது சரியான கணக்கே. எதிர்மறை வட்டி ஏற்கத்தக்கதல்ல என்றால், வட்டியைப் பெருக்கல் விகிதத்தில் ஏற்றி இறக்கும் பிளாக்-டெர்மன்-டாய் வகை மரத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: என் விலை நூலில் உள்ளதோடு பொருந்தவில்லை. எங்கே தவறு?

எந்த மரம், எந்த q, எத்தனை படி, என்ன விலை வந்தது என்று எதையும் எழுதாமல் இப்படிக் கேட்டால் எவராலும் பதில் சொல்ல இயலாது. ஓராண்டுச் சோதனையைச் செய்து, அதன் விடையையும் கணுக்களின் வட்டிகளையும் சேர்த்து மீண்டும் எழுதுங்கள்.