அட்வான்ஸை அன்றே திருப்பித் தந்த ஓனரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். ஜூன் 30-ல் காலி செய்வதாகச் சொல்லியிருந்தோம். போக வேண்டிய வீட்டில் பெயிண்டிங் வேலை முடியவில்லை. ஓனரம்மா ஜூலை 11 வரை இருந்துகொள்ளச் சொன்னார். அந்தப் பதினொரு நாளுக்கு மட்டும் நாளுக்கு 600 ரூபாய் என்று 6,600 எடுத்துக்கொண்டு, 90,000 அட்வான்ஸில் மீதி 83,400-ஐ சாவி கொடுத்த அன்று மதியமே வங்கியில் போட்டுவிட்டார். பெயிண்டிங்குக்கு என்று ஒன்றும் பிடிக்கவில்லை. கரன்ட் பில் பற்றியும் கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. "நம்ம பணத்தைத்தானே கொடுத்தாங்க, அதுக்கு எதுக்கு நன்றி?" என்கிறார் என் கணவர். புடவை எடுத்துக் கொடுக்கலாமா, லெட்டர் போதுமா?

பதில்: அட்வான்ஸ் உங்கள் பணம்தான், அந்த அளவில் உங்கள் கணவர் சொல்வது சரி. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த அம்மா அந்த ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. நம் ஊர் வழக்கப்படி பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்திருந்தால் உங்களுக்கு 18,000 போயிருக்கும். அதையும் அவர் செய்யவில்லை.

இதையெல்லாம் விட நான் பெரிதாக நினைப்பது அந்தப் பதினொரு நாளை. தேதியைக் கவனியுங்கள். ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். ஆடியில் வீடு மாற நம்மில் பெரும்பாலானவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஜூன் 30-ல் நீங்கள் போயிருந்தால், அடுத்து வருகிறவருக்கு வீட்டைக் காட்டி, அட்வான்ஸ் வாங்கி, பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்க அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கிடைத்திருக்கும். உங்களுக்கு நாள் கொடுத்ததால் அவருக்கு மிஞ்சியது ஐந்தாறு நாள். அதற்குள் ஆள் அமையாவிட்டால் ஆவணி வரை வீடு பூட்டித்தான் கிடக்கும், ஒரு மாத வாடகைக்கு மேல் நஷ்டம். வாடகை வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. தெரிந்தே சரி என்று சொல்லியிருக்கிறார். சொன்ன தேதியைத் தாண்டி இருக்கும் வாடகைதாரரிடம் இரண்டு மடங்கு வாடகை கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் அன்றாட வாடகையைத்தான் எடுத்திருக்கிறார். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, நன்றிக்கு வருவோம். லெட்டர் போதுமா என்று கேட்டீர்கள். லெட்டர்தான் முதலில் வேண்டும், அதுவும் விவரத்தோடு. "ரொம்ப நன்றி ஆன்ட்டி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் அவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கையில் எதுவும் மிஞ்சாது. வாடகை ஆரம்பிக்கும்போது ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். முடியும்போது யாரும் எதுவும் எழுதுவதில்லை. பணம் வந்து சேர்ந்ததா, இன்னும் பாக்கி உண்டா, சாவி எந்தத் தேதியில் கை மாறியது, கூடுதலாக இருந்த நாட்கள் இருவரும் பேசி முடிவு செய்ததா என்பதற்கெல்லாம் தாளில் ஒரு வரி கூட இருக்காது. உங்கள் நன்றிக் கடிதத்திலேயே அதையும் எழுதிவிடலாம். இப்படி எழுதலாம்:

"அம்மாவுக்கு வணக்கம். உங்கள் வீட்டின் முதல் மாடியில் நான்கு வருடம் இருந்தோம். ஜூன் 30-ல் காலி செய்ய வேண்டியது. எங்கள் புது வீட்டு வேலை முடியாததால் நாங்கள் கேட்டுக்கொண்டபடி ஜூலை 11 வரை இருக்க அனுமதித்தீர்கள். ஆடி நெருங்கும் நேரத்தில் அது உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும். ஜூலை 11 அன்று சாவிகளை உங்களிடம் ஒப்படைத்தோம். 90,000 ரூபாய் அட்வான்ஸில் பதினொரு நாள் வாடகை 6,600 போக 83,400 ரூபாய் அன்றே எங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்தது. உங்களிடமிருந்து எங்களுக்கு வர வேண்டியது எதுவும் இல்லை. நாங்கள் இருந்த நாட்களுக்கான கரன்ட் பில் எங்கள் பொறுப்பு, பில் வந்ததும் கட்டிவிடுகிறோம். நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டோம்."

இதில் நீங்களும் கணவரும் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுங்கள். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்து கட்டாயம் வேண்டும். உங்களிடம் இருக்கும் பழைய ஒப்பந்தப் பிரதியின் ஒரு நகலையும் இதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் அவர் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்வார். நாளைக்கு அவருடைய பிள்ளைகள் கணக்குப் பார்க்கும்போது, "மாடி வீட்டுக்காரங்க அட்வான்ஸ் என்னாச்சு?" என்ற கேள்விக்கு இந்தத் தாளே பதில் சொல்லும். முன்பு ஒரு வீட்டைக் காலி செய்தபோது எனக்கு அட்வான்ஸ் நாலு தவணையாக வந்தது. எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று எங்கள் இருவருக்குமே கடைசியில் கணக்கு ஒத்துப்போகவில்லை, மனக்கசப்புதான் மிஞ்சியது. அதிலிருந்து இந்த விஷயத்தில் நான் எழுத்தை விடுவதில்லை.

அடுத்தது கரன்ட் பில். அவர் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக ஓனர்கள் அட்வான்ஸில் ஆயிரமோ இரண்டாயிரமோ நிறுத்தி வைத்து, பில் வந்த பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். அவர் அதையும் நிறுத்தி வைக்காமல் உங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார். அதனால் நீங்களே ஞாபகம் வைத்துக் கட்டுவதுதான் முறை. இதில் பலருக்கும் கணக்கு தவறிப்போகிறது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். நீங்கள் காலி செய்தது நடுவில். உங்கள் வீட்டில் கடைசியாக ரீடிங் எடுத்தது ஜூன் 20 என்றும், அன்று மீட்டரில் 14,250 இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் கிளம்பிய ஜூலை 11-ல் 14,362. ஆக, உங்கள் உபயோகம் 112 யூனிட். பிறகு புதிதாக வந்தவர்கள் ஏ.சி. ஓட்டி, ஆகஸ்ட் 20-ல் மீட்டர் 14,660 காட்டுகிறது. மொத்தம் 410 யூனிட், பில் 1,240 ரூபாய் என்று கொள்வோம்.

இங்கேதான் பலர், "முதல் 100 யூனிட் இலவசம். நாங்க 112 தானே ஓட்டினோம். அப்போ 12 யூனிட்டுக்குக் காசு கொடுத்தா போதும்" என்று கணக்குப் போடுகிறார்கள். இது நியாயமில்லை. அந்த 100 யூனிட் இலவசம் இணைப்புக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கிடையாது. அதை முழுக்க நீங்கள் எடுத்துக்கொண்டால், அடுத்து வந்தவர்கள் முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்க வேண்டும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதால் அந்த மேல் விலையும் அவர்கள் தலையில் விழும். அவர்கள் ஓனரம்மாவிடம் போய்ச் சண்டை பிடிப்பார்கள், நல்லது செய்தவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

மொத்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பதுதான் சரி. 1,240-ஐ 410-ஆல் வகுத்து 112-ஆல் பெருக்கினால் 339 ரூபாய் வருகிறது. அதை ஓனரம்மாவுக்கு அனுப்பி, எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த ரீடிங் வரை வீடு காலியாகவே இருந்தால் பில் முழுக்க உங்களுடையது.

கிளம்பிய அன்று மீட்டரைப் போட்டோ எடுத்திருந்தால் கடிதத்தில் அந்த எண்ணையும் எழுதுங்கள். எடுக்கவில்லை என்றால் ஓனரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் நுழையும்போது பெரும்பாலும் குறித்து வைத்திருப்பார்கள். நடுவில் வீடு பூட்டியிருந்ததால் அதுவே உங்கள் கடைசி எண்ணாகவும் இருக்கும். ஃபிரிட்ஜ் ஏதும் ஓடாத காலி வீட்டில் மீட்டர் அநேகமாக நகராது.

அப்புறம் தபால். நான்கு வருடம் இருந்த முகவரி என்றால் ஆதார், வங்கி, கேஸ், ஆன்லைன் கடைகள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும். கேஸையும் வங்கியையும் இந்த மாதமே மாற்றுங்கள். இல்லையென்றால் சிலிண்டர்காரரும் கூரியர் பையன்களும் அந்த அம்மாவின் காலிங் பெல்லைத்தான் அடிப்பார்கள்.

புடவை எடுத்துக் கொடுக்கலாமா என்றால், என் அபிப்பிராயத்தில் வேண்டாம். விலை கூடிய பொருள் கொடுத்தால், பெரியவர்கள் அதற்கு ஈடாகத் தாங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துச் சங்கடப்படுவார்கள். பணமாகக் கொடுப்பது அதைவிட மோசம், அவர் பார்க்காத கணக்கை நீங்கள் பார்த்ததாக ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போங்கள். பழம், பூ, வெற்றிலை பாக்கு, வீட்டில் செய்த பலகாரம் போதும். கடிதத்தைக் கையில் கொடுங்கள். உங்கள் கணவரே கொடுக்கட்டும்.

போனால் ஒன்றைக் கேட்டு வாருங்கள், மாடிக்கு ஆள் வந்துவிட்டார்களா என்று. வராமல் ஆவணிக்காகக் காத்திருந்தால், உங்கள் அலுவலகத்திலும் சொந்தத்திலும் வீடு தேடுகிறவர்களிடம் சொல்லுங்கள். தண்ணீர் எப்படி, வண்டி நிறுத்த இடம் உண்டா, ஓனர் எப்படி என்று நான்கு வருடம் இருந்த நீங்கள் சொன்னால் புரோக்கர் சொல்வதை விட நம்புவார்கள், அவருக்கு புரோக்கர் கமிஷனும் மிச்சம். அவருடைய நம்பரை மட்டும் அவரைக் கேட்காமல் எந்த குரூப்பிலும் போடாதீர்கள். வீடு கேட்டு நேரம் காலம் இல்லாமல் போன் வரும். கேட்கிறவர்களின் நம்பரை வாங்கி அவரிடம் கொடுங்கள், அவரே பேசிக்கொள்வார்.