கடை வாடகையோடு வரும் ஜிஎஸ்டி: கேள்வி பதில்

கேள்வி: ஈரோட்டில் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதம் முதல் 60,000 ரூபாய் வாடகைக்கு 10,800 ரூபாய் வரி சேர்த்துப் பில் வருகிறது. வாடகை ஏறிவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. கையிலிருந்து போகும் பணம் கூடியிருக்கிறதே தவிர, செலவு கூடவில்லை. வாடகைக் கணக்கில் 60,000 ரூபாயை மட்டும் எழுதி, மத்திய வரி 5,400, மாநில வரி 5,400 இரண்டையும் உள்ளீட்டு வரி வரவில் வையுங்கள். அந்த மாத விற்பனைக்கு 25,000 ரூபாய் வரி கட்ட வேண்டியிருந்தால், இந்த வரவு கழிந்து 14,200 ரூபாய்தான் கட்டுவீர்கள். சென்ற ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். வரி தனியாகக் காட்டப்பட்டிருப்பதால் அதை 60,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு, 6,000 பிடித்து, 64,800 ரூபாயை உரிமையாளரிடம் கொடுங்கள்.

பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரிமையாளர் கணக்குத் தாக்கல் செய்து, அந்தப் பில் உங்கள் GSTR-2B-யில் தெரிந்த பிறகே வரவு எடுக்கலாம். பில் மட்டும் கையில் இருந்தால் போதாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி: நான் காம்போசிஷன் முறையில் இருக்கிறேன். வரியையும் செலவில் எழுதிவிட்டால் வருமான வரியில் கழிந்துவிடும், நஷ்டமில்லை என்கிறார் எங்கள் கணக்குப்பிள்ளை. சரியா?

பதில்: பாதி சரி. உங்களுக்கு உள்ளீட்டு வரவு கிடையாது என்பதால் 70,800 ரூபாயும் வாடகைச் செலவுதான். ஆனால் 20% வருமான வரி கட்டுபவருக்கு 10,800 ரூபாயில் மிச்சமாவது சுமார் 2,160 ரூபாய்; மீதி உங்கள் கையை விட்டுத்தான் போகிறது. விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டுபவராக இருந்தால் அந்த 2,160 ரூபாயும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே வாடகையைத் தனியாகக் கழிக்க இடமில்லை.

கேள்வி: எங்கள் உரிமையாளருக்கு ஜிஎஸ்டி எண்ணே இல்லை, ஆனாலும் 18% கேட்கிறார். நான் பதிவு பெற்ற வியாபாரி. அண்ணா, கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது. கொடுத்த பணத்துக்கு வரவும் வராது. 2024 அக்டோபர் 10 முதல் இப்படிப்பட்ட கடை வாடகைக்கு நீங்களே வரியை நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். அதை இருப்பில் உள்ள வரவிலிருந்து கழிக்க முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். கட்டிய பிறகு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் வியாபாரிகளுக்கு 2025 ஜனவரி 16 முதல் இந்தப் பொறுப்பு இல்லை.

கேள்வி: ஒப்பந்தத்தில் வாடகை 60,000 என்று மட்டும் இருக்கிறது, வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. தரத்தான் வேண்டுமா?

பதில்: வரி உள்ளடங்கியது என்று கொண்டால் வாடகை 50,847, வரி 9,153 ஆகும், தனி என்றால் மேலே சொன்ன 10,800. எது என்பது ஒப்பந்தத்தின் மற்ற வாசகங்களைப் பொறுத்தது. அதைப் படிக்காமல் நான் ஒரு பக்கம் சாய முடியாது, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உங்களுக்கு முழு வரவு கிடைக்கும் என்றால், தனி வரிக்கு இணங்கினால் நிகரச் செலவு 60,000, உள்ளடங்கியது என்று வென்றால் 50,847. உரிமையாளர் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.