வேலை போனதை எத்தனை வாக்கியத்தில் சொல்வது?

கேள்வி: வேலை போய் நாலு மாசம் ஆகுது. மேட்ரிமோனியில் பார்த்த ஒருத்தரோட இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கேன். இதை எப்போ, எப்படிச் சொல்றது? சொல்ல நினைச்சாலே கூச்சமா இருக்கு.

நீங்கள் ஆண், ஐடி, முப்பதை ஒட்டிய வயது என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பெண், சென்னையில் டெஸ்டிங் வேலை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் எனக்கும் வேலை போயிருந்தது. "பொண்ணுக்கு வேலை போனா என்ன, மாப்பிள்ளை சம்பாதிப்பார்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதை எங்கள் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள். வீட்டுக் கடன் தவணையில் பாதி என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்த சமயம் அது.

எப்போது சொல்வது என்பதற்கு ஒரே கணக்குதான் வைத்திருந்தேன். பேச ஆரம்பித்த இரண்டொரு நாளில் அந்தப் பக்கத்திலிருந்து "ஆபீஸ் முடிஞ்சுதா?" என்று ஒரு மெசேஜ் வரும். சும்மா பேச்சுக்குக் கேட்பதுதான். அதற்கு "ம், இப்பதான்" என்று பதில் போட்டுவிட்டால் அது பொய். அடுத்த நாள் "இன்னிக்கு மீட்டிங் நிறையவா?" என்று வரும், அதற்கும் ஏதாவது சொல்லியாக வேண்டும். பிறகு உண்மையைச் சொல்லும்போது வேலை போனது சின்ன விஷயமாகிவிடும், இத்தனை நாள் நடித்ததுதான் பெரிதாகத் தெரியும். அதனால் அந்த மெசேஜ் வந்த அன்றைக்கே, "போன்ல பேசலாமா?" என்று கேட்டேன். மெசேஜில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அழித்து அழித்து எழுதி, கடைசியில் விளக்கக் கடிதம் மாதிரி ஆகிவிடும்.

போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். ஜூன்ல எங்க புராஜெக்ட் முடிஞ்சுது. அடுத்த புராஜெக்ட் கிடைக்காம பெஞ்ச்ல இருந்தவங்களை வெளிய அனுப்பினாங்க, அதுல நானும் ஒருத்தி. இப்ப தேடிட்டிருக்கேன், ரெண்டு இடத்துல இன்டர்வியூ நடக்குது. இந்த வருஷம் முடியற வரைக்கும் லோன் கட்ட சேமிப்பு இருக்கு." என்ன நடந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பணம் எப்படி. இந்த மூன்றும்தான் எதிராளிக்குத் தெரிய வேண்டியவை. பணத்தைப் பற்றிச் சொல்வது சிலருக்கு அதிகப்படியாகப் படும். ஆனால் கல்யாணப் பேச்சில் அவர்கள் மனசுக்குள் ஓடுகிற முதல் கேள்வி அதுதான், அதை அவர்கள் வாயால் கேட்க வைப்பதுதான் இரண்டு பேருக்கும் சங்கடம்.

அப்புறம் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதிகமாக விளக்குவது இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. என் ரேட்டிங் எப்படி இருந்தது, மேனேஜர் யாரைக் காப்பாற்றினார், கிளையன்ட் ஏன் பாதியில் போனான், எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. டேபிள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேட்காத கேள்விக்கு நாம் பதில் சொல்ல ஆரம்பித்தால், "ஐயோ பரவால்லைங்க, விடுங்க" என்று அவர் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும். தேற்றுகிற குரல் வந்துவிட்டால் நாம் அளவுக்கு மேல் பேசிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் கேட்டது இரண்டே கேள்வி. "பெர்ஃபார்மன்ஸ் மாதிரி ஏதாவது சொன்னாங்களா?" என்றார். "ரேட்டிங் நடுவாந்திரம்தான். ரொம்ப நாள் பெஞ்ச்ல இருந்ததைத்தான் காரணமா சொன்னாங்க" என்றேன். இரண்டாவது, "எங்க வீட்ல சொல்லட்டுமா?"

நம் ஊரில் விஷயம் இங்கேதான் இருக்கிறது. நாம் ஒருவரிடம் சொல்வது அவரோடு நிற்பதில்லை. அவர் அம்மாவிடம் சொல்வார், அம்மா அவருடைய சித்தியிடம் சொல்வார். பத்து நிமிடக் கதையாகச் சொன்னால், இரண்டாவது வாய்க்குப் போகும்போதே "அந்தப் பொண்ணுக்கு ஆபீஸ்ல ஏதோ பிரச்னையாம்" என்று சுருங்கிவிடும். "புராஜெக்ட் முடிஞ்சுது, பெஞ்ச்ல இருந்தவங்களை அனுப்பிட்டாங்க, தேடுறா" என்பதை யார் சொன்னாலும் அப்படியே போய்ச் சேரும். "தாராளமா சொல்லுங்க, புரொஃபைல்லயும் அப்பா இன்னிக்கே மாத்திடுவார்" என்றேன். அதுவரை அப்பா மாற்ற விடவில்லை. "அதுக்குள்ள கிடைச்சிடும், எதுக்கு மாத்தணும்" என்பது அவர் வாதம். பழைய கம்பெனி பேரும் ஆண்டு வருமானமும் புரொஃபைலில் அப்படியே நின்றுகொண்டிருந்தன. உங்களுடையதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு மாற்றுங்கள். சொல்லாமல் மாற்றினால் அவர்களே பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்று. "நானே ரிசைன் பண்ணிட்டேன்" என்று சொல்லலாமா என்று தோன்றும். பேப்பரில் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. எச்ஆர் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "நீங்களே போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும், இல்லேன்னா டெர்மினேஷன்" என்றார். காரணம் என்ற இடத்தில் 'பெர்சனல்' என்று இருந்தது. எனக்கு என்னய்யா பெர்சனல்? சட்டப்படி ஆட்குறைப்பு என்றால், சட்டத்தின் கீழ் வருகிற தொழிலாளிக்கு வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. நாமே எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. கையெழுத்து போட்டவர்களைக் கோழை என்று திட்ட வேண்டாம், அடுத்த கம்பெனி முதலில் கேட்பது அந்த ரிலீவிங் லெட்டரைத்தான். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை. நான் சொல்ல வந்தது, பழகப் போகிறவரிடம் பேப்பரில் உள்ளதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். வேலையை விட்டது நீங்களே என்று சொன்னால், கையில் வேறு வேலை இல்லாமல் ஏன் விட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு கதை கட்ட வேண்டும்.

அவரையே கட்டிக்கொண்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. நேரில் இரண்டு மூன்று முறை பார்த்தோம். காபி பில்லைப் பாதிப் பாதி கொடுக்க முடிகிற இடமாக நான்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு அவர் ஜெர்மனி போவதென்று முடிவெடுத்தார், எனக்கு அம்மா அப்பாவை விட்டுப் போக மனமில்லை. அதில் முடிந்தது. வேலை இல்லாதது எங்கள் பேச்சில் அதற்குப் பிறகு "எந்த ரவுண்ட் ஆச்சு?" என்கிற அளவில்தான் வந்தது.

ஆண்களுக்கு இது இன்னும் கடினம் என்று ஒப்புக்கொள்கிறேன். பெண் வீட்டில் சம்பளச் சீட்டு கேட்பார்கள். அந்தப் பயத்தில் "அடுத்த மாசம் கிடைச்சிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஆறுதலுக்குச் சொன்னது அவர்கள் வீட்டில் கெடுவாகிவிடும். முதல் தேதி ஆனதும் "என்னாச்சு?" என்று போன் வரும். ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகும் ஜாயினிங் தேதியைத் தள்ளிப்போடுகிற காலம் இது. எந்தக் கம்பெனியில் எந்த ரவுண்ட் முடிந்தது, பதில் வர எத்தனை நாள் ஆகும் என்றார்கள், இதை மட்டும் சொல்லுங்கள். "வேலை கிடைச்ச பிறகு பேசலாமே" என்று அவர்கள் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.