"எப்போ கல்யாணம்?" என்று விடாமல் கேட்கும் உறவினர்கள்: கேள்வி பதில்

எனக்கு 29. பெரியம்மா ஒவ்வொரு போனிலும் "முப்பதுக்குள்ள முடிச்சிடணும்" என்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்கிறேன். நிற்கவே இல்லை.

காரணம் சொல்வதால்தான் நிற்கவில்லை. வேலை மாறப் போகிறேன் என்றால், மாறியதும் "அதுதான் கிடைச்சிடுச்சே" என்று வருவார். பிடித்த ஆள் அமையவில்லை என்றால் அடுத்த வாரமே ஒரு போட்டோ வரும். நீங்கள் மறுப்பாக நினைத்துச் சொல்வதை, தான் தீர்த்து வைக்க வேண்டிய சிக்கலாக அவர் எடுத்துக்கொள்கிறார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். "முடிவெடுத்தால் நானே உங்களுக்குச் சொல்கிறேன் பெரியம்மா." அவ்வளவுதான், உடனே அவருடைய மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். திரும்பவும் ஆரம்பித்தால் அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல். மூன்றாவது முறை "சரி பெரியம்மா, அப்புறம் பேசறேன்" என்று கோபமில்லாமல் வைத்துவிடுங்கள். ஆனால் அடுத்த வாரம் நீங்களே கூப்பிட்டுப் பேச வேண்டும், இல்லாவிட்டால் அவரையே ஒதுக்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

முதலில் தொல்லை கூடும், அதற்குத் தயாராக இருங்கள். ஒன்பது முறை உறுதியாக இருந்துவிட்டுப் பத்தாவது முறை எரிச்சலில் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தால், பத்து முறை கேட்டால் பதில் கிடைக்கும் என்பதுதான் அவர் மனதில் பதியும். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்து வந்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிடுகிறது, எப்போதாவது மட்டும் கிடைத்து வந்த புறா வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கிறது. (பெரியம்மா மன்னிக்கட்டும்.)

நான் "இரண்டு வருஷம் டைம் கொடுங்க" என்றேன், எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். இவ்வளவு மெனக்கெடாமல் இதையே எல்லோரும் செய்யலாமே?

இரண்டு வருடத்தில் பண்ணிக்கொள்ளும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் நல்ல வழி. தப்பிப்பதற்காகச் சொன்னதென்றால், வயதுக்கெடு சரிதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டு தேதியை மட்டும் தள்ளிவைத்திருக்கிறீர்கள். கெடு முடியும்போது "நீதானே சொன்னாய்" என்பார்கள். அப்போது உங்கள் கையில் பதில் இருக்காது.

வயசானால் குழந்தை பிறப்பது கஷ்டம் என்று அத்தை சொல்கிறார். அது மருத்துவ உண்மைதானே?

பாதி உண்மை. பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து மெல்லக் குறைகிறது, 37-ஐ ஒட்டி வேகமாகக் குறைகிறது. முப்பதாவது பிறந்தநாளன்று எதுவும் மூடிவிடுவதில்லை. ஆண்களுக்கும் வயது ஏற ஏறக் குறையத்தான் செய்கிறது, அதை எந்த அத்தையும் சொல்ல மாட்டார். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். அத்தையிடம் இந்தக் கணக்கைச் சொல்லி வாதாடினால் அடுத்த போனும் இதைப் பற்றித்தான் இருக்கும்.

என் மகளுக்கு 31. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னைத்தான் கேட்கிறார்கள், தலைகுனிவாக இருக்கிறது. அவளைச் சம்மதிக்க வைக்க எப்படிப் பேச வேண்டும்?

அம்மா, இங்கே கேட்பவர்கள் எல்லோரும் உங்கள் மகள் பக்கம் இருப்பவர்கள். ஆனாலும் கேட்டது நல்லது, ஏனென்றால் பிள்ளைகளுக்கு வரும் நெருக்கடியில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது: யாரோ உங்களைக் கேட்கிறார்கள், அந்தச் சங்கடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் இறக்குகிறீர்கள்.

கேட்பவர்களை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டாலும் உங்களை உண்மையில் உறுத்துவது ஒருவரோ இருவரோ சொல்வதுதான். அவர்களுக்கு மட்டும் "அவளே சொல்வாள், அதுவரை என்னைக் கேட்காதே" என்று சொல்லிப் பழகுங்கள். மகளிடம் கேட்பது ஒரு முறை போதும்: உனக்கு விருப்பம் இருக்கிறதா, நான் தேடட்டுமா வேண்டாமா? வேண்டாம் என்றால் அவளாகக் கல்யாணப் பேச்சை எடுக்கும்வரை நீங்கள் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பின் அவள் தனியாகிவிடுவாளோ என்ற பயம் இருந்தால் அதைப் பயமாகவே சொல்லுங்கள், வயதைச் சொல்லி மறைக்க வேண்டாம். அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லாமலும் போகலாம்.

எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமலே தேதி குறித்துவிட்டார்கள், போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். தோழியின் போனிலிருந்து எழுதுகிறேன். இந்த ஒரே வாக்கியம் எனக்கு உதவுமா?

உதவாது, முயலவும் வேண்டாம். இது கட்டாயக் கல்யாணம். 1948-இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆவது பிரிவே, இருவரின் முழுச் சம்மதமும் இல்லாமல் திருமணம் கூடாது என்கிறது. வீட்டில் எதிர்த்துப் பேசிக் கண்காணிப்பைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். அடையாளச் சான்றுகளும் படிப்புச் சான்றிதழ்களும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், முடிந்தால் தோழியிடம் கொடுத்துவையுங்கள். இதே போனிலிருந்து இன்றே பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தேதி எப்போது என்பதை முதலில் சொல்லுங்கள். பேசியதும் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழிக்கச் சொல்லுங்கள்.