கம்பளி பீரோவில் இருக்கட்டும்

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. பகலெல்லாம் வெக்கை, இரவில் ஏசி 24-ல் ஓடும். கை கால் சில்லென்று இருக்கிறது, குல்லா போட்டுக் கம்பளியில் சுற்று என்கிறார் அம்மா. என்னதான் வாங்குவது?

பதில்: பிறந்த குழந்தைக்குக் கையும் காலும் சற்றுச் சில்லென்று இருப்பது வழக்கம்தான். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். இதமான சூடு இருந்தால் சரி. பிடரி ஈரமாக, முகம் சிவந்து இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். நெஞ்சே குளிர்ந்திருந்தால்தான் இன்னொரு அடுக்கு வேண்டும்.

வாங்க வேண்டியது மூன்றே வகை. வெக்கைக்கு, முன்பக்கம் முடிச்சுப் போடும் மெல்லிய மல்மல் ஜப்லா எட்டு. ஏசிக்கு, பனியன் துணியில் முழுக்கை, முழுக்கால் உடுப்பு மூன்று. அதன்மேல் போட, கையில்லாத மெல்லிய பருத்தித் தூக்கப்பை இரண்டு. தூக்கப்பையைப் போர்வைக்குப் பதிலாகச் சொல்கிறேன். தளர்ந்த போர்வை மூக்கின்மேல் ஏறிவிட்டால் இந்த வயதில் குழந்தையால் தள்ளிவிட முடியாது. பையில் எழுதியிருக்கும் எடை உங்கள் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கழுத்து பெரிதாக இருந்தால் தலை உள்ளே நழுவிவிடும்.

இரவு பத்து மணிக்கு ஏசி போடாத அறையில் ஜப்லாவும் நாப்கினும் போதும். ஏசி 24-ல் நிலைத்தபின் முழுக்கை உடுப்பு, மேலே தூக்கப்பை. 26 வைத்தால் பை இல்லாமலே பெரும்பாலும் சரியாகிவிடும். கரண்ட் போனதும் முதலில் பையைக் கழற்றுங்கள், காற்று வரட்டும், அப்புறம் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அம்மா பழைய வேட்டியில் சுற்றினால் அதையும் ஓர் அடுக்காகக் கணக்கில் வையுங்கள். அதற்குமேல் பை வேண்டாம்.

குல்லா பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் போடுவார்கள். ஈரத்தோடு பிறந்த குழந்தை சூட்டை இழக்கக் கூடாது என்பதற்காக. வீட்டில் தூங்கும்போது வேண்டாம். குழந்தை அதிகச் சூட்டை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு. குல்லா முகத்தில் சரியவும் செய்யும்.

கடையில் ஏமாறுவது துணியில்தான். வழுவழு வெல்வெட், பஞ்சுபோன்ற ஃப்ளீஸ் எல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர். வேர்வையை உறிஞ்சாது, வேர்க்குருதான் மிஞ்சும். தையலோரச் சீட்டில் 100% காட்டன் என்று இருக்க வேண்டும். சந்தேகமா? வீட்டுக்கு வந்து, குழந்தை இல்லாத இடத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கடின மணியாகும். இரண்டும் தெரிந்தால் கலப்படத் துணி.

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை அடுக்கு என்று உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.