கல்யாணச் செலவு 10 லட்சம்: ஐந்து வருஷமா, எட்டு வருஷமா?

"காவேரிப்பட்டணம் பக்கம் எங்க ஊரு. பொண்ணு காலேஜ் முதல் வருஷம். நகை இல்லாம, மண்டபம், சாப்பாடு, துணிமணி எல்லாம் சேர்த்து இன்னைக்கு விலைக்கு 10 லட்சம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்கோம். பேங்குல 2 லட்சம் எப்.டி. இருக்கு, வட்டி 6.5 சதவீதம். இனிமே மாசம் 10,000 போடலாம். எத்தனை வருஷத்துல சேரும்?"
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். பாக்கி 8 லட்சம், மாதம் 10,000. 80 மாதம் ஆகும். வட்டி இதில் எத்தனை மாதத்தைக் குறைக்கும் என்பதுதான் விஷயம்.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஐந்து வருஷத்தில் 6 லட்சம் கட்டுகிறோம், அது முழுவதற்கும் ஐந்து வருஷ வட்டி வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் கட்டும் முதல் 10,000 ரூபாய்க்குத்தான் ஐந்து வருஷ வட்டி. கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டிதான். சராசரியாகப் பார்த்தால் மாதப் பணம் பாதிக் காலம்தான் வட்டி சம்பாதிக்கிறது. அந்த 6 லட்சம் ஐந்து வருஷ முடிவில் சுமார் 7.10 லட்சமாகும். ஏற்கெனவே இருக்கும் 2 லட்சத்துக்கு முழுக்காலமும் கிடைப்பதால் அது 2.76 லட்சமாகும். மொத்தம் 9.86 லட்சம். இன்னொரு தவணை கட்டினால் அந்த மாத முடிவில் 10 லட்சம் வந்துவிடும். அதாவது 61 மாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கும் எப்.டி.க்கும் ஆர்.டி.க்கும் போட்ட கணக்கு இது. எப்.டி. வட்டியை மாதாமாதம் கையில் வாங்குகிற திட்டத்தில் போட்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. ரசீதைப் பார்த்துவிடுங்கள்.

தொகையை மாற்றிப் பார்க்க, போனில் இருக்கும் ஷீட்டில் இதைப் போட்டால் போதும்:

```
=NPER(6.5%/12,-10000,-200000,1000000,1)
```

60.8 என்று காட்டும்.

ஆனால் இந்த 61 மாதத்தை நம்பி நாள் குறிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன 10 லட்சம் இன்றைய விலை. மண்டப வாடகையும் சமையல் செலவும் வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், ஐந்து வருஷம் கழித்து அதே கல்யாணத்துக்கு 13.38 லட்சம் வேண்டும். உங்கள் கையில் இருப்பதோ 9.86 லட்சம். பணம் சேரச் சேர இலக்கும் நகர்ந்துகொண்டே போகும். இரண்டும் சந்திப்பது எட்டாவது வருஷ முடிவில்தான், ஏறக்குறைய 15.94 லட்சத்தில்.

வட்டி கால் சதவீதம் கூடக் கிடைக்கும் பேங்கைத் தேடி அலைவதால் இந்த இடைவெளி அடையாது. மாதப் பணத்தை ஏற்றுவதுதான் வழி. இந்த வருஷம் 10,000, அடுத்த வருஷம் 11,000, அதற்கடுத்து 12,000 என்று வருஷம் ஆயிரம் ஆயிரமாகக் கூட்டினால் எட்டு வருஷம் என்பது ஆறேகால் வருஷமாகக் குறையும். வழக்கமான ஆர்.டி.யில் தவணையை நடுவில் கூட்ட முடியாது. வருஷாவருஷம் 1,000 ரூபாய்க்குப் புதிதாக ஒரு ஆர்.டி. தொடங்க வேண்டும். உங்கள் பக்கம் மாந்தோப்பு இருந்தால் காசு மே, ஜூன், ஜூலையில் மொத்தமாக வரும். கூடுதல் தவணைகளுக்கான பணத்தை அப்போதே சேமிப்புக் கணக்கில் நிறுத்தி, மாதாமாதம் தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது வருஷ முடிவில் எல்லாம் சேர்த்து 6.79 லட்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் எங்கோ தவணை விட்டிருக்கிறது, அல்லது எப்.டி. முதிர்ந்தபோது குறைந்த வட்டிக்குப் புதுப்பித்திருக்கிறார்கள்.

நகையை இதில் சேர்க்காமல் விட்டது நல்லது. 2024 தொடக்கத்தில் 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்த ஒரு பவுன், 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. 6.5 சதவீத எப்.டி. இதைத் துரத்திப் பிடிக்காது. நகைக்கு இத்தனை ரூபாய் என்று ஒதுக்காமல், இத்தனை கிராம் என்று வைத்து அவ்வப்போது வாங்கிவிடுவதே என் வழி. மொய்ப் பணத்தையும் இலக்கில் கழிக்காதீர்கள். நோட்டில் எழுதியதெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தானே.

இன்னொன்று, எல்லாம் ஒரே பேங்கில் இருந்தால் நாலாவது வருஷத்திலேயே வட்டி 50,000 ரூபாயைத் தாண்டும். அதற்கு மேல் போனால் பேங்க் டி.டி.எஸ். பிடிக்கும். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்துவிடுங்கள். பிடித்த பிறகு ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் அது வரும்வரை அந்தப் பணத்துக்கு எப்.டி. வட்டி ஓடாது.