118 நானோமீட்டரா, 236 நானோமீட்டரா? லேசர் ஜன்னலுக்கான பூச்சுக் கணக்கு

கேள்வி: வியாசர்பாடியில் சின்ன யூனிட் வைத்திருக்கிறோம். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சென்சாருக்கு முன்னால் சாதாரணக் கண்ணாடி ஜன்னல் போடுகிறோம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி டிடெக்டரில் விழுந்து ரீடிங்கைக் கெடுக்கிறது. மெக்னீசியம் ஃப்ளூரைடு கோட்டிங் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். கோட்டிங் போடுபவர் தடிமன் கேட்கிறார். எனக்கு 118 வருகிறது, பார்ட்னருக்கு 236 வருகிறது. இரண்டு பேருமே புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தைத்தான் போட்டோம். எது சரி?

பதில்: 118தான் சரி. 236 என்று எழுதிக் கொடுத்தால், பூச்சே இல்லாத கண்ணாடி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புமோ அதே 4.3 சதவீதத்தைப் பூசிய கண்ணாடியும் திருப்பி அனுப்பும். கொடுத்த காசு வீண். ஆனால் உங்கள் பார்ட்னரின் சூத்திரம் பொய்யில்லை. அது வேறொரு படலத்துக்கு உரியது. எந்தப் படலத்துக்கு எந்தச் சூத்திரம் என்று தெரிந்துவிட்டால், நாளைக்கு மெட்டீரியல் மாறினாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பூச்சுக்கு இரண்டு முகங்கள். ஒளியில் ஒரு பங்கு மேல் முகத்திலேயே திரும்பிவிடுகிறது. இன்னொரு பங்கு பூச்சுக்குள் இறங்கி, கண்ணாடியைத் தொடும் கீழ் முகத்தில் பட்டுத் திரும்புகிறது. கீழே போய் வருவது கூடுதலாகக் கடக்கும் ஒளிப்பாதை 2nt. இதில் n என்பது பூச்சின் ஒளிவிலகல் எண், t என்பது தடிமன். திரும்பி வரும் இந்த இரண்டு அலைகளும் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழும்படி சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதுவரை உங்கள் இருவருக்கும் பேதமில்லை.

பேதம் எதிரொளிக்கும் அந்தக் கணத்தில் வருகிறது. செங்குத்தாக வரும் ஒளியில் திரும்பும் அலையின் வீச்சு (n₁ − n₂)/(n₁ + n₂) என்ற பங்காக இருக்கும். n₁ ஒளி வரும் பக்கம், n₂ அது மோதும் பக்கம். n₂ பெரிதாக இருந்தால் விடை மைனஸில் வரும். மைனஸ் என்றால் அலை தலைகீழாகிவிட்டது, அதாவது அரை அலைநீளம் நடந்தது போன்ற கட்ட மாற்றம் மோதிய இடத்திலேயே வந்துவிட்டது என்று பொருள். n₂ சிறிதாக இருந்தால் இந்த மாற்றம் கிடையாது.

இப்போது உங்கள் ஜன்னலுக்கு வருவோம். காற்று 1, மெக்னீசியம் ஃப்ளூரைடு 1.38, கண்ணாடி 1.52. எண்கள் படிக்கட்டு போல ஏறிக்கொண்டே போகின்றன. மேல் முகத்திலும் அலை தலைகீழாகிறது, கீழ் முகத்திலும் தலைகீழாகிறது. இரண்டுமே புரண்டதால் அவற்றுக்கிடையே புரட்டலால் வந்த வித்தியாசம் இல்லை. அழிய வேண்டிய அரை அலைநீளத்தைத் தடிமன்தான் கொடுத்தாக வேண்டும். ஆகவே 2nt = λ/2, அதிலிருந்து t = λ/(4n). 650ஐ 5.52ஆல் வகுத்தால் 118 நானோமீட்டர். λ இங்கே காற்றில் உள்ள அலைநீளம்.

காசிமேடு துறைமுகத்தில் படகுகளுக்கு நடுவே தண்ணீர் மேல் மிதக்கும் டீசலைப் பாருங்கள். டீசலின் எண் ஏறத்தாழ 1.45, தண்ணீருடையது 1.33. மேலே காற்றிலிருந்து டீசலுக்கு ஏற்றம், கீழே டீசலிலிருந்து தண்ணீருக்கு இறக்கம். மேல் முகத்தில் மட்டும்தான் அலை புரளும். தேவையான அரை அலைநீள வித்தியாசம் அங்கேயே வந்துவிட்டதால், தடிமன் முழு அலைநீளமாகச் சேர்த்தால்தான் அழிவு நடக்கும்: 2nt = λ. பார்ட்னர் எடுத்தது இந்தச் சூத்திரம். சோப்புப் படலத்துக்கும் இதுதான். வளையத்தில் பிடித்த சோப்புப் படலம் உடைவதற்குச் சற்று முன் மேல் ஓரத்தில் கறுப்பாகும். தடிமன் பூஜ்யத்தை நெருங்கும்போதும் அங்கே அழிவு நடப்பது அந்த ஒற்றைப் புரட்டலால்தான்.

கவனித்தீர்களா, கண்ணாடியின் 1.52 தடிமன் சூத்திரத்தில் வரவே இல்லை. அது இரண்டு விஷயங்களை மட்டும் தீர்மானிக்கிறது. ஒன்று, எந்தச் சூத்திரம் என்பது. பூச்சை விடக் கண்ணாடியின் எண் பெரிதாக இருக்கும்வரை உங்கள் சூத்திரம்தான். இரண்டாவது, எவ்வளவு மிச்சம் நிற்கும் என்பது. மேல் முகத்தில் திரும்புவது 2.5 சதவீதம், கீழ் முகத்தில் 0.23 சதவீதம். சமமில்லாத இரண்டு அலைகள் முழுக்க அழிய முடியாது. கணக்குப் போட்டால் 1.26 சதவீதம் எஞ்சும். பூஜ்யம் வேண்டுமென்றால் பூச்சின் எண் 1.52இன் வர்க்கமூலமான 1.23 ஆக இருக்க வேண்டும்; அப்படி ஒரு கெட்டியான, தேய்த்தால் போகாத பொருள் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் எல்லோரும் மெக்னீசியம் ஃப்ளூரைடிடமே நிற்கிறோம். ஜன்னலின் இரு பக்கமும் பூசச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் பின்பக்கத்தின் 4.3 சதவீதம் அப்படியே இருக்கும். இரு பக்கமும் போட்டால் கடந்து போகும் ஒளி சுமார் 92 சதவீதத்திலிருந்து 97.5 ஆக உயரும்.

ஒரு எச்சரிக்கை. "மெக்னீசியம் ஃப்ளூரைடு தீர்ந்துவிட்டது, டைட்டானியம் டைஆக்சைடு போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் எண் 2.3 அளவில் இருக்கும், கண்ணாடியை விடப் பெரிது. கீழ் முகத்தில் புரட்டல் இல்லை. கால் அலைநீளத் தடிமனில் போட்டால் இரண்டு அலைகளும் அழிவதற்குப் பதில் சேர்ந்துகொண்டு, 30 சதவீதம் ஒளி திரும்பும். அது ஜன்னலைப் பாதி முகம் பார்க்கும் கண்ணாடியாக்கும் பூச்சு.

தடிமன் எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்று கோட்டிங் போடுபவர் நிச்சயம் கேட்பார். இந்தப் பூச்சு தாராளமானது. 10 சதவீதம் பிசகினாலும் 1.26 என்பது 1.34 ஆகும், அவ்வளவுதான். இன்னும் சொல்லப்போனால், பச்சை ஒளிக்காக வழக்கமாகப் போடும் 100 நானோமீட்டர் பூச்சு அவரிடம் மலிவாகக் கிடைத்தால் உங்கள் 650க்கு அது 1.4 சதவீதம் திருப்பும். டிடெக்டர் ரொம்ப நுணுக்கமானதாக இல்லாவிட்டால் நான் அதையே வாங்கிவிடுவேன்.

சரக்கு வந்ததும் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாமலே ஓரளவு சோதிக்கலாம். கண்ணாடியைக் கறுப்புத் துணி மேல் வைத்து, வெள்ளை டியூப் லைட்டின் பிம்பத்தை நேராகப் பாருங்கள். ஹோல்டர் பிடித்திருந்த ஓரத்தில் பூச்சு ஏறியிருக்காது. அங்கே பிம்பம் வெள்ளையாகவும் பளிச்சென்றும் இருக்கும், உள்ளே மங்கும். 118 என்றால் சிவப்பு அழிந்து, மங்கிய பிம்பம் நீலமாகத் தெரியும். ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் 100 அருகே, வைக்கோல் நிறம் என்றால் பூச்சு மெலிதாகிவிட்டது. உள்ளேயும் ஓரம் அளவுக்கே வெளிச்சமாகத் தெரிந்தால் தடிமனை விசாரியுங்கள்.

அப்புறம், ஜன்னலைச் சாய்த்துப் பொருத்துகிறீர்களா? பத்து, இருபது டிகிரி வரை கவலை வேண்டாம். 45 டிகிரி என்றால் பூச்சுக்குள் ஒளி சரிவாகப் போவதால் பாதை வேறுபாடு குறைந்துவிடும். ஈடுகட்ட 137 நானோமீட்டர் கேளுங்கள். அந்தச் சாய்வில் லேசரின் துருவத் தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், எந்தப் பக்கம் என்பதும் முக்கியம், அதையும் எழுதிக் கொடுங்கள். கண்ணாடியை 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித்தான் பூசுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சூடில்லாமல் பூசிய மெக்னீசியம் ஃப்ளூரைடு மென்மையாக இருக்கும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.